ஆறரை மணிக்குப் பிறகு ஓர் இருக்கை

சென்னையில் மெடிக்கல் கோடிங், மெடிக்கல் பில்லிங் நிறுவனங்கள் நிறைய. அமெரிக்க மருத்துவமனைகளின் கணக்கு வேலை இங்கே நடக்கிறது. இந்த அலுவலகங்கள் பலவற்றில் இரண்டு விதமான வேலைக்காரர்கள் ஒரே தளத்தில் உட்காருகிறார்கள். ஒருவர் கோடர். மருத்துவர் எழுதிய சார்ட்டைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளைப் போடுபவர். இன்னொருவர் ஏ.ஆர். காலர். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு போன் போட்டு, இந்த பில்லுக்கு ஏன் இன்னும் பணம் வரவில்லை என்று கேட்பவர். முன்னவரின் வேலை முழுக்க வாசிப்பு. பின்னவரின் வேலை முழுக்கப் பேச்சு.

மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் தொடங்கும் ஒரு கோடரை எடுத்துக்கொள்வோம். இரவு பதினொன்றுக்கு முடியும். அமெரிக்காவில் பொழுது விடிந்து அலுவலகங்கள் திறக்கும் நேரத்துக்கு ஏற்ப, காலர்கள் மாலை ஆறரைக்கு வருகிறார்கள். அவருடைய வரிசைக்குப் பின்வரிசை அவர்களுடையது. ஆறரைவரை ஒழுங்காக ஓடிய வேலை அதற்குப் பிறகு தடுமாறுகிறது. அமைதியான வேறு இருக்கை வேண்டும், அல்லது ஹெட்போன் போட்டுக்கொள்ள அனுமதி வேண்டும் என்று டீம் லீடரிடம் கேட்க நினைக்கிறார். கேட்பதற்குத் தயக்கம். குறை சொல்கிறவள் என்று பெயர் வந்துவிடுமோ, “மத்தவங்க எல்லாம் வேலை பாக்கலையா?” என்று பதில் வருமோ என்ற கவலை.

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் உண்டு. அது தெரிந்தால் கேட்கும் விதமே மாறிவிடும்.

அவர் முன்னால் இருக்கும் சார்ட்டைப் பார்ப்போம். நோயாளிக்கு இரண்டாம் வகை நீரிழிவு. அதனால் வந்த நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு. அது 3பி நிலையில் இருப்பதாக மருத்துவர் எழுதியிருக்கிறார். கோடர் E11.22 என்றும் N18.32 என்றும் இரண்டு குறியீடுகளைப் போட வேண்டும். கடைசி இலக்கம் 2-க்குப் பதில் 1 ஆனால் நோயின் நிலை 3ஏ ஆகிவிடும். நீரிழிவு ஒரு பக்கத்தில் இருக்கும், சிறுநீரகத்தின் நிலை நாலு பக்கம் தள்ளி இருக்கும். முதலாவதை மனதில் பிடித்துக்கொண்டேதான் இரண்டாவதைத் தேட வேண்டும். அந்தச் சமயம் பார்த்துப் பின்னால் ஒரு காலர், க்ளெய்ம் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக எதிர்முனைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். காதில் விழும் எண்கள் மனதில் பிடித்திருந்த எண்களோடு கலக்கின்றன. கோடர் சார்ட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போகிறார்.

இதை உளவியலாளர்கள் ஐம்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். 1976-இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் கோல், ஆலன் வெல்ஷ் என்ற இருவர், எழுத்துகளை வரிசையாகக் காட்டி அதே வரிசையில் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். பின்னணியில் யாரோ ஜெர்மன் மொழியில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எழுதியவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. கவனிக்க வேண்டாம் என்றும் சொல்லியாகிவிட்டது. அப்படியும் தவறுகள் கூடின. பின்னால் வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. பேச்சு உரக்கக் கேட்கிறதா மெல்லக் கேட்கிறதா என்பதில் அதிக வித்தியாசம் இல்லை. மாறி மாறி வரும் ஒலிகள், பிரித்துக் கேட்கும் அளவுக்குத் தெளிவாக இருப்பதுதான் மனதை இழுக்கிறது. ஏசியின் ஒரே மாதிரியான இரைச்சல் பேச்சைவிடப் பலமாக இருந்தாலும் இந்தத் தொல்லையைத் தருவதில்லை.

போன் பேச்சில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. 2010-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இருவர் பேசுவதை முழுதாகக் கேட்பவர்களைவிட, ஒரு பக்கப் பேச்சை மட்டும் கேட்பவர்களே கவனம் தேவைப்படும் வேலையில் அதிகம் தடுமாறுகிறார்கள் என்று கண்டார்கள். எதிர்முனை என்ன சொல்லியிருக்கும் என்று மனம் தானாகவே ஊகிக்கப் பார்க்கிறது. காலர்களின் வரிசைக்கு அருகில் உட்காருவதென்றால் இப்படிப்பட்ட பாதிப் பேச்சுகள் ஏழெட்டின் நடுவே உட்காருவதாகும்.

ஆகவே “எனக்குச் சத்தம் ஒத்துக்காது” என்று கேட்பது தன் வழக்கைத் தானே பலவீனமாக்கிக்கொள்வது. அது சொந்த விருப்பு வெறுப்பு போலத் தோன்றும். “சொல் புரியும்படி கேட்கும் போன் பேச்சு, சார்ட் படிக்கும்போது என்னைத் தடுக்கிறது” என்று சொன்னால் அது வேலையைப் பற்றிய பேச்சு. அதற்குத் தீர்வும் தேட முடியும், ஏனென்றால் சொல் எங்கே புரியாமல் போகிறது என்பதை நடந்து பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

திறந்த அலுவலகங்களின் ஒலியை அளக்க ஐஎஸ்ஓ 3382-3 என்ற சர்வதேசத் தரநிலை 2012-இல் வந்தது. பேசுகிறவரிடமிருந்து எத்தனை மீட்டர் தள்ளிப் போனால் பேச்சின் தெளிவு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்குகிறது என்பது அதில் முக்கியமான ஓர் அளவு. நன்றாக அமைக்கப்பட்ட தளத்தில் இது ஐந்து மீட்டருக்குள் முடிந்துவிடும். மோசமான தளத்தில் பத்து மீட்டரைத் தாண்டும். கருவியெல்லாம் வேண்டாம். காலர்கள் பேசும் நேரத்தில் தண்ணீர் பிடிக்கப் போவது போல எழுந்து மெல்ல நடந்தால் போதும். வார்த்தைகள் தெளிவாகக் கேட்டு, பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டு, கடைசியில் வெறும் முணுமுணுப்பாக மாறும் இடம் ஒன்று வரும். உங்கள் தளத்தின் எல்லை அதுதான்.

இதனால்தான் “ரெண்டு சீட் தள்ளிப் போடுங்க” என்று கேட்பது வீண். ஒரு மேசையின் அகலம் ஒன்றேகால், ஒன்றரை மீட்டர். இரண்டு மேசை தள்ளிப் போனால் மூன்று மீட்டர்கூடத் தாண்டாது. பேச்சு அப்போதும் தெளிவாகவே கேட்கும். மாற்றியும் பயனில்லை என்றாகி, இரண்டாம் முறை கேட்க வாயும் வராது. தூரத்தைவிடச் சில சமயம் திசை உதவும். ஒருவர் நம்மைப் பார்த்துப் பேசும்போது வருவதைவிட, முதுகைக் காட்டிப் பேசும்போது சொற்கள் மங்கலாக வரும். நடுவில் ஒரு சுவரோ தூணோ உயரமான அலமாரியோ இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடிச் சுவருக்கு எதிரே உள்ள இடத்தைத் தவிர்க்க வேண்டும். பேச்சு அதில் பட்டுத் திரும்பி வரும். பேன்ட்ரி, லிஃப்ட், பிரின்டர் பக்கத்து இருக்கைகள் காலையில் அமைதியாகத் தெரிந்து மாலையில் ஏமாற்றிவிடும். அமைதியான மூலை என்று எல்லாரும் விரும்பும் இடத்தில் ஏசி ஓசைகூட இல்லையென்றால், தூரத்துப் பேச்சு அங்கே இன்னும் தெளிவாகக் கேட்கும். ஏசி வாய்க்கு நேர் கீழே, யாரும் விரும்பாத இருக்கை சார்ட் படிப்பவருக்கு நல்ல இருக்கையாக அமையலாம். குளிர் ஒத்துக்கொள்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் கோடர் இப்படி நடந்து பார்க்கிறார். ஜன்னல் ஓரம் கடைசி வரிசையில் சொற்கள் புரியவில்லை. அது காலை ஷிஃப்ட்காரர்களின் வரிசை. ஆறு மணிக்கெல்லாம் காலியாகிவிடுகிறது. அவருக்கு வேண்டியதும் ஆறரையிலிருந்து பதினொன்று வரைக்கும்தான். நிரந்தரமாக ஓர் இருக்கையைக் கேட்பதற்கும், காலியாகக் கிடக்கும் இருக்கையில் நாலரை மணி நேரம் உட்காரக் கேட்பதற்கும் டீம் லீடரின் கண்ணில் பெரிய வித்தியாசம் உண்டு.

ஏனென்றால் இருக்கை டீம் லீடர் கையில் இல்லை. பெரும்பாலான நிறுவனங்களில் அட்மின் பிரிவுதான் இருக்கைகளைப் பங்கிடுகிறது. ஒவ்வொரு கிளையன்டுக்கும் இத்தனை இருக்கை என்று கணக்கு இருக்கும். சில கிளையன்டுகளின் வேலை தனிக் கதவும் தனி அடையாள அட்டை அனுமதியும் உள்ள பகுதிக்குள்தான் நடக்க வேண்டும். நோயாளிகளின் தகவல் சம்பந்தப்பட்டதால், அந்தப் பகுதியின் கேமரா பார்வையை விட்டுத் தள்ளி உட்காரவும் முடியாது. கேட்கப் போகும் முன் மூன்று விஷயங்களை உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்த வரிசை அதே அனுமதிப் பகுதிக்குள் இருக்கிறதா? அந்தக் கணினியில் தன்னுடைய ஐடி போட்டு உள்ளே போனால் கோடிங் மென்பொருள் திறக்கிறதா? இரண்டு திரை இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் டீம் லீடர் அட்மினுக்கு ஒரு மெயில் போடுவதோடு வேலை முடிந்துவிடும். ஒன்றுக்கு இல்லை என்றாலும் கோரிக்கை மூன்று துறைகளுக்குச் சுற்றும், சுற்றிச் சுற்றியே மறக்கப்பட்டுவிடும்.

அடுத்தது, கையில் கொண்டுபோக வேண்டிய குறிப்பு. நான்கைந்து நாள் போதும். ஆறரைக்கு முன் மணிக்கு எத்தனை சார்ட் முடிந்தது, பின் எத்தனை, எத்தனை சார்ட்டை முதலிலிருந்து மறுபடி படிக்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் எழுதினால் போதும். யார் சத்தமாகப் பேசினார்கள் என்று எழுதவே கூடாது. அது சக ஊழியர்மீது புகாராகிவிடும். ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். மாலையில் கடினமான சார்ட்டுகள் வந்து வேகம் குறைந்திருந்தால், பழி பேச்சின்மீது போய்விடும். ஆகவே ஒரே வகைச் சார்ட்டுகளைத்தான் ஒப்பிட வேண்டும். களைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். காலர்களுக்கு அமெரிக்க விடுமுறை வரும் நாளில், தளம் அமைதியாக இருக்கும்போது அதே நேரத்தில் வேலை எப்படிப் போகிறது என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கேட்பதற்குச் சரியான நேரம், ஷிஃப்ட் தொடங்கும் முன் அல்லது வாரச் சந்திப்பு. ஆடிட்டில் தவறு வந்து, டீம் லீடர் அதைப் பற்றிப் பேச அழைத்த அன்று கேட்டால் சாக்குப் போலத்தான் தோன்றும். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகலாம்.

“மேம், ஆறரைக்கு மேல காலர்ஸ் வந்ததும் சார்ட்டை ரெண்டு தடவை படிக்க வேண்டியிருக்கு. ஒரு வாரம் குறிச்சு வெச்சிருக்கேன், பாருங்க. அவங்க மேல தப்பு இல்ல, அவங்க வேலையே பேசறதுதான். டே ஷிஃப்ட் போனப்புறம் ஜன்னல் பக்கம் கடைசி வரிசை காலியா இருக்கு. நம்ம ஏரியாக்குள்ளதான். என் ஐடில லாகின் பண்ணிப் பாத்துட்டேன், எல்லாம் திறக்குது. ஆறரையிலேர்ந்து அங்க உக்காந்துக்கவா? ரெண்டு வாரம் பாப்போம்.”

“உனக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்களேம்மா.”

“கேட்டாலும் அங்க எட்டு சீட் இருக்கு மேம். பெரிய சார்ட் பாக்கறவங்களுக்கு மட்டும்னு சொல்லிடலாம்.”

“அவசரத்துக்கு உன்னை எங்க போய்த் தேடறது?”

“சாட்ல போடுங்க, உடனே வந்துடறேன். கிளையன்ட் அப்டேட் எதாவது வாய்ல சொன்னீங்கன்னா அதை மட்டும் எனக்கும் ஒரு வரி போட்டுடுங்க.”

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தள்ளி உட்காருபவர் இழப்பது அதைத்தான். “இன்னைலேர்ந்து இந்தக் கிளையன்டுக்கு இந்தக் குறியீடு போடாதீங்க” என்று டீம் லீடர் வரிசையின் நடுவில் நின்று சொல்லிவிட்டுப் போவார். கடைசி வரிசைக்கு அது எட்டாது. மறுநாள் ஆடிட்டில் தவறாக வந்து நிற்கும். பக்கத்தில் சீனியர் இருந்தால் நாற்காலியைத் திருப்பி ஒரு சந்தேகம் கேட்கலாம். அதுவும் போய்விடும். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆனவர்களுக்கு இந்த இழப்பு பெரிது. அவர்கள் இடத்தை மாற்றாமல், கடினமான சார்ட்டுகளை ஆறரைக்கு முன் முடித்துக்கொள்ள அனுமதி கேட்பதே நல்லது என்பது என் எண்ணம். வேலைப் பட்டியலின் வரிசையை மாற்றுவது டீம் லீடரால் தனியாகவே முடியும், அட்மின் வேண்டாம்.

இனி ஹெட்போன். சுலபமான வழி போலத் தெரியும். இந்த வகை அலுவலகங்களில் அதற்குத்தான் அனுமதி கிடைப்பது கடினம். தளத்துக்குள் நுழையும் முன்பே மொபைல் லாக்கருக்குப் போய்விடுகிறது. கணினியின் யுஎஸ்பி துளைகள் முடக்கப்பட்டிருக்கும். ப்ளூடூத் கருவி எதையும் பாதுகாப்புப் பிரிவு ஏற்காது. மைக் உள்ள எந்தப் பொருளுக்கும் அதே கதிதான். எனவே “ஹெட்போன் போட்டுக்கவா?” என்ற கேள்விக்கு டீம் லீடர் சரி என்று சொன்னாலும், அதில் ஒலி எங்கிருந்து வரும் என்ற கேள்வி மிஞ்சும். பதில் கொண்டுபோக வேண்டியவர் கேட்பவர்தான். மைக் இல்லாத, வயர் வைத்த சாதாரண ஹெட்போன். கணினியின் ஆடியோ துளையில் செருகுவது. ஐடி பிரிவே கணினியில் போட்டுவைக்கும் ஒரே ஓர் ஒலிக் கோப்பு. இப்படிக் கேட்டால் பாதுகாப்புப் பிரிவு யோசிப்பதற்காவது ஏதோ இருக்கும்.

அந்தக் கோப்பில் என்ன ஒலி இருக்க வேண்டும்? பாட்டு வேண்டாம். வரிகள் உள்ள பாட்டு, காலரின் பேச்சைப் போலவே இன்னொரு பேச்சு. வேல்ஸில் நிக் பெர்ஹாம் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பிடித்த இசையும் பிடிக்காத இசையும் வரிசை நினைவை ஒரேபோலப் பாதித்தன. பிடித்த பாட்டு கேட்டால் மனம் லேசாகும் என்பது உண்மைதான். எண்களை நினைவில் வைத்துப் படிக்கும் நேரத்துக்கு அது ஆகாது. ஒரே சீராகப் பெய்யும் மழை, மின்விசிறி ஓசை போன்றவை பேச்சின் விளிம்புகளை மழுங்கடிக்கும். பேச்சே கேட்காத அளவுக்கு ஒலியைக் கூட்ட வேண்டாம். சொற்கள் புரியாமல் போகும் அளவு வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். பெரியவர்கள் வாரத்துக்கு நாற்பது மணி நேரம் கேட்பதாக இருந்தால் 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மழை ஓசை அதற்கு வெகு கீழேயே தன் வேலையைச் செய்துவிடும்.

விலை உயர்ந்த நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். விமானத்தின் இரைச்சல், ஏசியின் உறுமல் போன்ற தாழ்ந்த, சீரான ஒலியை அது அருமையாகக் குறைக்கும். பேச்சில் சொற்களைப் பிரித்துக்காட்டும் மெய்யொலிகள் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கின்றன. அங்கே அந்த மின்னணு வித்தை அதிகம் எடுபடாது, காதை மூடும் மெத்தையின் தடிமன்தான் தடுக்கும். ஏசி இரைச்சலை மட்டும் அழித்துவிட்டால், அதுவரை அதில் மறைந்திருந்த பேச்சு முன்னைவிடத் தெளிவாகக் கேட்பதும் உண்டு. பத்தாயிரம் ரூபாய் செலவழித்துவிட்டு, “இதுலயும் பேச்சு கேக்குதே” என்று வருந்துபவர்களுக்கு நடந்திருப்பது இதுதான்.

இந்தத் தளங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது காதில் செருகும் நுரைப்பஞ்சு அடைப்பான். மருந்துக்கடையிலும் இணையத்திலும் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். மின்னணு எதுவும் இல்லாததால் பாதுகாப்புப் பிரிவுக்கு ஆட்சேபிக்க அதிகம் இல்லை. உயர்ந்த அதிர்வெண்களை நன்றாகவே தடுக்கும். பயனில்லை என்பவர்கள் பெரும்பாலும் அதைச் சரியாகச் செருகியிருக்க மாட்டார்கள். விரல்களுக்கிடையே மெல்லிய குச்சிபோல உருட்டி, மறு கையால் காதின் மேல்நுனியைப் பின்னோக்கி மேலே இழுத்து, உள்ளே விட்டு, விரிந்து நிரம்பும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் சரியாகப் போகவில்லை என்று பொருள். காதில் சீழ், வலி, மெழுகு அடைப்பு உள்ளவர்கள் செருகக் கூடாது. இதைப் போட்டுக்கொள்வதையும் சொல்லிவிட்டே செய்ய வேண்டும். பின்னால் நின்று இரண்டு முறை கூப்பிட்டும் திரும்பாதவரைப் பற்றி, திமிர் பிடித்தவர் என்ற பேச்சு ஒரே நாளில் பரவிவிடும். “கூப்பிடணும்னா மேசைல தட்டுங்க” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைக்க வேண்டும். தீ அபாய ஒத்திகை நடக்கும்போது அடைப்பானோடு இருந்து, மணி கேட்கிறதா என்று சோதித்துக்கொள்வதும் நல்லது.

சிலருக்கு இது வசதி குறித்த கேள்வியே இல்லை. காது கேட்கும் கருவி அணிந்தவருக்குச் சுற்றியுள்ள எல்லாப் பேச்சும் கூடிக் கேட்கும். ஆட்டிசம் உள்ளவருக்குப் பல குரல்கள் ஒன்றாக வருவது தாங்க முடியாத வேதனையாக இருக்கக்கூடும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் செவித்திறன் குறைபாடு, ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள், மனநோய் எல்லாம் இருக்கின்றன. நியாயமான வசதி செய்து தர மறுப்பதையும் பாகுபாடு என்றே அந்தச் சட்டம் வரையறுக்கிறது. இருபது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள், தங்கள் சமவாய்ப்புக் கொள்கையில் என்னென்ன வசதிகள் தருகிறோம் என்று குறிப்பிட்டு, அதற்கென ஓர் அலுவலரையும் நியமிக்க வேண்டும் என்கின்றன 2017-ஆம் ஆண்டின் விதிகள். இவர்கள் டீம் லீடரோடு நிறுத்திக்கொள்ளாமல் எச்.ஆர். பிரிவுக்கு எழுத்தில் கேட்பது நல்லது. சான்றிதழையும் நோய் விவரத்தையும் எச்.ஆரிடம் மட்டும் கொடுத்தால் போதும். டீம் லீடருக்கு எந்த இருக்கை, எந்த நேரம் என்பது தெரிந்தால் வேலை நடந்துவிடும்.

மறுப்பு வந்தால் காரணத்தை அமைதியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு என்றால் அடைப்பான் இருக்கிறது. இருக்கை இல்லை என்றால் சார்ட் வரிசையை மாற்றலாம். காலர்களின் நாற்காலிகள் எதிர்ப்பக்கம் பார்க்கும்படி மேசையைத் திருப்ப முடியுமா என்று கேட்கலாம். “பாக்கலாம்” என்ற பதிலைத்தான் சமாளிப்பது கடினம். அப்போது “அடுத்த திங்கள் ஞாபகப்படுத்தட்டுமா மேம்?” என்று ஒரு நாளைக் குறித்துவிட்டு வர வேண்டும்.

அனுமதி கிடைத்தால் அன்றே நாலு வரி மெயில் அனுப்ப வேண்டும். எந்த வரிசை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்தத் தேதி வரை சோதனை என்று அதில் இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து, முன்பு குறித்த அதே கணக்கைக் குறித்துக் காட்ட வேண்டும். இத்துறையில் பரவலாகக் கேட்கப்படும் துல்லியம் 95 சதவீதம். ஆடிட்டுக்கு எடுப்பதோ சில சார்ட்டுகள்தான். இரண்டு வாரத்தில் அந்த மதிப்பெண் தற்செயலாகவே ஏறவும் இறங்கவும் செய்யும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். மறுபடி படித்த சார்ட்டுகளின் எண்ணிக்கை குறைந்திருப்பதே உறுதியான அடையாளம். அது குறையவில்லையென்றால் தடுமாற்றத்துக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. பழைய இருக்கைக்குத் திரும்பிவிடலாம். குறைந்திருந்தால் அந்த மெயிலுக்கே பதிலாக அந்தக் கணக்கை அனுப்பி வைக்க வேண்டும். புதிய பேட்ச் ஒன்று சேர்ந்து அந்த வரிசைக்கு இரவு ஷிஃப்ட் வரும் நாளில் இருக்கை கைமாறும். டீம் லீடர்கூட மாறியிருக்கலாம். புதியவரிடம் முதலிலிருந்து விளக்காமல் அனுப்பி வைக்க அந்த மெயில் இருக்கும்.